குன்னூரில் கிடைத்த பழைய லென்ஸ்: என்ன விலை கொடுக்கலாம்?

வணக்கம். குன்னூரில் எஸ்டேட் பங்களா சாமான்களை விற்கும் கடையில் ஒரு லென்ஸ் பார்த்தேன். கடைக்காரர் 6,000 கேட்கிறார். ஜெர்மன் லென்ஸாம், நம்பவில்லை. முன்வளையத்தில் இருப்பது ரஷ்ய எழுத்து. கூடவே 44-2, 2/58 என்ற எண்கள். அப்படியென்றால் 58 மி.மீ., எஃப் 2 ஹீலியோஸ்தானே? வரிசை எண் 78 என்று தொடங்குகிறது, 1978-இல் செய்தது என்று நினைக்கிறேன்.

பின்புறம் திருகு மறை. ஸ்கேல் வைத்தால் விட்டம் 42 மி.மீ. பழைய ஜெனிட் கேமராவின் 39 மி.மீ. மறை இல்லை என்பதால், எம்42 அடாப்டர் போட்டால் என் மிரர்லெஸ் கேமராவில் பொருந்தும். அப்பர்ச்சருக்கு இரண்டு வளையங்கள், பின்னால் ஊசி கிடையாது. ஊசி இருந்தால் 44எம் வகையாக இருந்திருக்கும்.

பிளேடுகளில் எண்ணெய்ப் பசை தெரிகிறது. அது கவலையில்லை, ஸ்பிரிங் இல்லாமல் கையால் மூடும் பிளேடுதானே. கவலை பூஞ்சைதான். நம்ம ஊர் ஈரம் தெரியுமே! டார்ச் அடித்தால் உள் கண்ணாடியின் ஓரத்தில் சிலந்தி நூல் மாதிரி இரண்டு இழைகள். கோட்டிங்கை அரித்திருந்தால் துடைத்தாலும் தடம் போகாது.

இந்த நிலையில் எவ்வளவு வரை போகலாம்? சமீபத்தில் வாங்கியவர்கள் கொடுத்த விலையைச் சொல்லுங்கள். அப்புறம், கோவையில் லென்ஸைப் பிரித்துச் சுத்தம் செய்பவர் யாராவது உண்டா, கூலி எவ்வளவு ஆகும்?