ப்ரொபேஷன் முடிந்து ஒரு மாதம் ஆகிறது, கன்பர்மேஷன் லெட்டர் வரவில்லை. மேனேஜரிடம் எப்படிக் கேட்பது?

பெருங்குடி_பஸ்:
ஜூன் 9 அன்று சேர்ந்தேன். ஆஃபர் லெட்டரில் ஆறு மாத ப்ரொபேஷன் என்று இருக்கிறது, அது டிசம்பர் 8 அன்று முடிந்துவிட்டது. இன்று ஜனவரி 10, போர்ட்டலில் என் பெயருக்கு எதிரே இன்னும் ‘Probation’ என்றுதான் காட்டுகிறது. எச்.ஆரிடம் கேட்டால் "உங்க மேனேஜர் ஃபார்ம் அனுப்பணும்" என்கிறார்கள், மேனேஜரிடம் டீ குடிக்கும்போது கேட்டேன், "பாத்துக்கலாம்ப்பா" என்று முடித்துவிட்டார். வேலையில் குறை என்று யாரும் இதுவரை சொன்னதில்லை. மறுபடி கேட்டால் நச்சரிப்பது போல ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

கடலூர்க்காரன்:
கேட்கவே வேண்டாம் நண்பா. ஆறு மாதம் முடிந்தால் தானாகவே நிரந்தரம். தமிழ்நாட்டில் 480 நாள் சட்டம்கூட இருக்கு, தைரியமா இரு.

மடிப்பாக்கம் மீனா:
பேப்பர் போடுவதாக இருந்தால் கன்பர்மேஷன் வருவதற்குள் போட்டுவிடுங்கள். எனக்கு ப்ரொபேஷனில் 15 நாள் நோட்டீஸ்தான், கன்பர்ம் ஆன மறுவாரமே வேறு ஆஃபர் வந்தது, 90 நாள் மாட்டிக்கொண்டேன்.

பெருங்குடி_பஸ்:
இல்லைங்க, நான் வேலையை விடுவதாக இல்லை. லெட்டர்தான் வேண்டும்.

ஓய்வுபெற்ற எச்.ஆர்:
கடலூர்க்காரன் சொல்வதில் பாதிதான் சரி. அந்த 480 நாள் 1981-ஆம் ஆண்டுச் சட்டம், 24 மாதத்துக்குள் 480 நாள் வேலை பார்த்த தொழிலாளர்களுக்கானது, ஏழு மாதத்தில் அதைப் பேசிப் பயனில்லை. தானாக நிரந்தரம் என்பதும் லெட்டரின் வாசகத்தைப் பொறுத்தது. "எழுத்துமூலம் உறுதிப்படுத்தும்வரை ப்ரொபேஷன் தொடரும்" என்று ஒரு வரி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள் தம்பி. பெரும்பாலான லெட்டர்களில் இருக்கும். இருந்தால் தேதி தாண்டியதாலேயே நீங்கள் கன்பர்ம் ஆகிவிடவில்லை.

அடுத்தது, "பாத்துக்கலாம்" என்ற பதிலுக்குக் காரணம் உங்கள் கேள்வி. "என் கன்பர்மேஷன் என்ன ஆச்சு" என்று டீக்கடையில் கேட்டால் வேறு பதில் வராது. 15 நிமிடத்துக்கு காலண்டரில் ஒரு மீட்டிங் போட்டு, எது தடுக்கிறது என்று பிரித்துக் கேளுங்கள். நான் இருந்த இடங்களில் முக்கால்வாசி கேஸ் வேலைத்திறன் பிரச்சினையே இல்லை. மேனேஜர் மதிப்பீட்டு ஃபார்மைத் திறந்தே பார்த்திருக்கமாட்டார். அல்லது பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன் பழைய கம்பெனியிடம் பதில் வராமல் நிற்கும். அல்லது கட்டாயப் பயிற்சி ஏதாவது ஒன்று முடிக்காமல் இருக்கும், தகவல் பாதுகாப்புப் பயிற்சியை நிறைய பேர் பாதியில் விட்டுவிடுவார்கள். பிந்தைய இரண்டும் மேனேஜருக்கே தெரியாமல் இருக்கலாம், ஆகவே அவரைப் பார்ப்பதற்கு முன் எச்.ஆரிடம் "என் பக்கம் ஏதாவது பாக்கி இருக்கிறதா" என்று மட்டும் கேட்டு வையுங்கள்.

மீட்டிங்கில் சுற்றி வளைக்காமல் இப்படிச் சொல்லலாம்: "ஆறு மாதம் டிசம்பர் 8-ல் முடிந்தது. ஃபார்ம் உங்களிடம் வந்திருக்கிறதா? என் வேலையில் இன்னும் என்ன எதிர்பார்க்கிறீர்கள்? அதை எந்தத் தேதிக்குள் முடித்துக் காட்டினால் ஃபார்மை அனுப்புவீர்கள்?" அவர் "இன்னும் கொஞ்சம் ஓனர்ஷிப் எடுக்கணும்" என்பதுபோல் மழுப்பினால் விடாதீர்கள், எந்த வேலையில், என்ன செய்திருந்தால் சரி என்றிருப்பார் என்று ஒரு உதாரணம் கேளுங்கள். அன்று மாலையே அவர் சொன்னதை நாலு வரியில் அவருக்கு மெயில் போட்டுவிடுங்கள். எச்.ஆரை அதில் சேர்க்க வேண்டாம், முதல் மெயிலிலேயே சேர்த்தால் புகார் மாதிரி தெரியும். சொன்ன தேதி தாண்டினால் அப்போது சேர்க்கலாம்.

மடிப்பாக்கம் மீனா:
ப்ரொபேஷனை நீட்டிச்சாச்சுன்னு சொன்னா?

ஓய்வுபெற்ற எச்.ஆர்:
எத்தனை மாதம், எதற்காக என்று எழுத்தில் கேட்க வேண்டும். வாயால் சொன்ன நீட்டிப்புக்கு முடிவு தேதியே இருக்காது.

பெருங்குடி_பஸ்:
வியாழன் பேசினேன் சார். எச்.ஆரிடம் முன்னாடியே கேட்டதில், பழைய கம்பெனி ரிலீவிங் லெட்டரில் இருக்கும் கடைசி வேலை நாளும் நான் ஃபார்மில் எழுதிய தேதியும் மூன்று நாள் வித்தியாசப்படுகிறதாம், வெரிஃபிகேஷன் அதனால் நவம்பரிலிருந்து நிற்கிறது! யாரும் சொல்லவே இல்லை. நான்தான் தப்பாக எழுதியிருக்கிறேன், திருத்திக் கொடுத்துவிட்டேன். மேனேஜர் ஃபார்மை அன்றுதான் திறந்தார். ஒரே ஒரு எதிர்பார்ப்பு சொன்னார்: மாத இறுதி ரிப்போர்ட்டை அடுத்த முறை அவர் சரிபார்க்காமல் நானே அனுப்ப வேண்டும். பிப்ரவரி 5-க்குள் ஃபார்ம் அனுப்புவதாகச் சொன்னதை மெயிலில் போட்டேன், "ஓகே" என்று பதில் வந்துவிட்டது.

ஒன்று மட்டும் புரியவில்லை. லெட்டரில் கன்பர்மேஷன் தேதி டிசம்பர் 9 என்று வருமா, பிப்ரவரி என்று வருமா? எங்களுக்கு ஏர்ன்ட் லீவ் அந்தத் தேதியிலிருந்துதான் சேர ஆரம்பிக்கும்.

ஓய்வுபெற்ற எச்.ஆர்:
அது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். லெட்டர் டைப் ஆவதற்கு முன்னாடியே எச்.ஆரிடம் கேளுங்கள், கையெழுத்தான பிறகு தேதி மாற்றச் சொன்னால் யாரும் அசையமாட்டார்கள்.

கடலூர்க்காரன்:
என் லெட்டரை இப்பதான் எடுத்துப் பார்த்தேன். அந்த ‘எழுத்துமூலம்’ வரி எனக்கும் இருக்கு. எட்டு மாசம் ஆச்சு...