புதுப்பிப்பு: ஆர்டர் வாரியான மொத்த லாபத்துக்குச் சராசரி விலையா, முதலில் வந்தது முதலிலா?

நான் கேட்டிருந்தது: “ஒரே நல்லெண்ணெய் பாட்டில், ஒரே விற்பனை விலை. ஆர்டருக்கு ஆர்டர் லாபம் ஏன் இவ்வளவு மாறுகிறது?”

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. சராசரிக்கு மாறச் சொன்ன கணக்காளர் அண்ணனின் யோசனைதான் பலித்தது.

முதல் கொள்முதல் 40 பாட்டில், தலா 300 ரூபாய்; அடுத்தது 60, தலா 340. விற்றது பாட்டில் 380 வீதம், தலா 50 பாட்டில் கொண்ட இரண்டு ஆர்டர்கள். முதலில் வாங்கியதே முதலில் விற்றதாகக் கணக்கிடும் பழைய முறையில் முதல் ஆர்டருக்கு 3,600 லாபம், இரண்டாவதற்கு 2,000. சராசரி அடக்கம் 324 என்பதால் இப்போது இரண்டிலும் 2,800. கூட்டுத்தொகை இரண்டு முறையிலும் 5,600தான்.

“சராசரி போட்டால் லாபம் குறையும்” என்று ஒருவர் சொன்னது, கொள்முதல் விலை ஏறும்போது, அதுவும் பழைய சரக்கு தீரும் வரைதான் சரி. அலமாரியில் பழையதை முன்னால் வைக்கச் சொன்னவருக்கு: அதைச் செய்கிறேன், ஆனால் அது கணக்கு முறையைப் பொறுத்ததல்ல.

எதிர்பாராதது ஒன்று. இரண்டாவது கொள்முதல் பில்லைப் பதியும் முன்பே விற்பனையைப் பதிந்தால், மென்பொருள் 50 பாட்டிலுக்கும் 300 போட்டு 4,000 லாபம் காட்டுகிறது. இருப்பு மைனஸ் 10 என்று வருவதுதான் அடையாளம். சரக்கு இறங்கியதுமே பில்லைப் பதிந்தால் சரியாகிவிடும்.

திரும்பி வரும் பாட்டிலை விற்ற அன்றைய அடக்கத்திலா, இன்றைய சராசரியிலா சேர்ப்பது என்பதில் இன்னும் ஒத்த கருத்து இல்லை. நான் விற்ற அன்றைய அடக்கத்தையே போடுகிறேன்.