கோச்சின் கடிதமும் மகனின் 51 கிலோவும்

செந்தூல் அப்பா

பிள்ளையை மல்யுத்தத்துக்கு அனுப்புகிறவர்களுக்கு இந்தக் கடிதம் கண்டிப்பாக வந்திருக்கும். பருவம் தொடங்குமுன் எடையை நிர்ணயிப்பது பற்றிய கடிதம். என் மகனுக்கு 16 வயது, எடை 58 கிலோ. 51 பிரிவில் இறங்கினால் பதக்கம் உறுதி என்று அவனும் நானும் நம்பியிருந்தோம். கடிதத்தில் பாதியைத்தான் படித்தேன். "காலையிலிருந்து தண்ணி குடிக்காதே, எடை குறைவா காட்டினா கோச் ஒத்துக்குவார்" என்று அவனிடம் சொன்னதே நான்தான்.

கோச் முதலில் தராசைத் தொடவே இல்லை. சின்னக் குப்பியில் சிறுநீர் வாங்கினார். ஒரு சொட்டைக் கையிலிருந்த குழாய் மாதிரியான கருவியின் கண்ணாடியில் விட்டு, டியூப் லைட் பக்கம் திருப்பி ஒற்றைக் கண்ணால் பார்த்தார். "1.031" என்றார். பிறகு என்னைப் பார்த்தார், மகனைப் பார்க்கவில்லை. "ரெண்டு நாள் கழிச்சு வாங்க சார். நல்லா சாப்பிட்டு, தண்ணி குடிச்சிட்டு வரட்டும்."

வீட்டுக்கு வந்துதான் மீதியைப் படித்தேன். அந்தப் பகுதி இது:

"உங்கள் பிள்ளை இந்தப் பருவத்தில் எந்த எடைக்குக் கீழே மோதக் கூடாது என்பதைக் கணக்கிடப் போகிறேன். அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் உள்ள முறையை நம் கிளப்புக்கு எடுத்துக்கொண்டிருக்கிறேன். சிறுநீரின் அடர்த்தி 1.025-ஐத் தாண்டினால் உடம்பில் நீர் போதாது என்று பொருள். அன்று எடை எடுக்க மாட்டேன். தேறினால் எடை பார்த்துவிட்டு, ஆண் பிள்ளைகளுக்கு மேற்கையின் பின்புறம், தோள்பட்டை எலும்புக்குக் கீழே, தொப்புளுக்குப் பக்கத்தில் என மூன்று இடங்களில் தோல் மடிப்பை இடுக்கியால் அளப்பேன். உடம்பில் கொழுப்பு எத்தனை சதவீதம் என்பது அதிலிருந்து வரும். ஆண் பிள்ளை 7 சதவீதத்துக்கும் பெண் பிள்ளை 12 சதவீதத்துக்கும் கீழே இறங்க நான் சம்மதிக்க மாட்டேன். வாரத்துக்கு எடையில் 1.5 சதவீதத்துக்கு மேல் குறைப்பதற்கும் சம்மதிக்க மாட்டேன்."

இரண்டு நாள் கழித்துப் போனோம். 58 கிலோ, கொழுப்பு 13 சதவீதம். குறைந்தபட்ச எடை 54.3 என்று எழுதிக் கொடுத்தார். 51 போச்சு. மகன் காரில் ஒரு வார்த்தை பேசவில்லை.

பிறையிலிருந்து

அண்ணே, கோச் கணக்கில் தப்பு இருக்கு. 13-ல் 7 போனா 6. 58-ல் 6 சதவீதம் 3.48 கிலோ. ஆக 54.5 தான் வரணும். கேட்டுப் பாருங்க.

முன்னாள் வீரர், பிரிக்ஃபீல்ட்ஸ்

பிறை தம்பி, தப்பு உங்க பக்கம். அந்த 7 சதவீதம் பழைய 58-ல் பார்ப்பது இல்லை, குறைஞ்ச பிறகு இருக்கும் எடையில் பார்ப்பது. கொழுப்பு 13 என்றால் மீதி 87 சதவீதம் தசை, எலும்பு, தண்ணீர். 58-ல் அது 50.46 கிலோ. இறங்கினாலும் அது அப்படியே இருக்கணும். புது எடையில் அதுதான் 93 சதவீதமா இருக்கணும். 50.46-ஐ 0.93-ஆல் வகுங்க, 54.26. கோச் எழுதினது சரி.

செந்தூல் அண்ணனுக்கு ஒண்ணு சொல்லணும். கோபப்படாதீங்க. தண்ணி குடிக்காம அன்னைக்கு 56 காட்டியிருந்தா என்ன ஆகியிருக்கும்? மடிப்பு அளவு பெருசா மாறாது, அதே 13 வந்திருக்கும்னு வச்சுக்குவோம். கணக்குப் போட்டா 52.4 வரும். வத்திப்போன ரெண்டு கிலோவும் தண்ணிதான், ஆனா கணக்குக்கு அது தெரியாது. உண்மையான குறைந்தபட்ச எடைக்குக் கிட்டத்தட்ட ரெண்டு கிலோ கீழே ஒரு பொய் எண் கிடைச்சிருக்கும். கோச் தராசுக்கு முன்னாடி குப்பியைக் கேட்டது அதுக்குத்தான்.

பட்டர்வொர்த் அம்மா

என் பொண்ணு சீலாட். அவளுக்கும் எடைப் பிரிவு இருக்கு. போட்டிக்கு முந்தின ரெண்டு நாள் எச்சில் துப்பிக்கிட்டே இருப்பா, சாப்பாட்டைத் தொட மாட்டா. நாலு மாசமா மாதவிடாய் வரலை. மாஸ்டர் கிட்ட சொன்னதுக்கு "ஸ்போர்ட்ஸ் பொண்ணுங்களுக்கு அப்படித்தான்" என்றார். இந்த 12 சதவீதம் கணக்கு அவளுக்கும் பொருந்துமா? நான் என்ன செய்யணும்?

பழைய ஆள், கெப்போங்

இவ்வளவு கணக்கு எதுக்கு? நாங்க பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கிட்டு ஓடினோம், எடை எடுத்ததும் மைலோ குடிச்சோம், மோதினோம். யாருக்கும் ஒண்ணும் ஆகலை. இப்போ பிள்ளைங்களுக்குச் சலுகை ஜாஸ்தி.

முன்னாள் வீரர், பிரிக்ஃபீல்ட்ஸ்

அண்ணே, உங்களுக்கு ஒண்ணும் ஆகலை, சரி. 1997 கடைசியில் அமெரிக்காவில் சில வாரத்துக்குள்ள மூணு கல்லூரி மல்யுத்த வீரர்கள் செத்துப்போனாங்க. மூணு பேரும் எடை குறைக்கிறதுக்காகச் சூட்டிலே வேர்வை வடிய உழைச்சவங்க. ரப்பர் உடைக்கெல்லாம் அங்கே தடை வந்தது அதுக்கப்புறம்தான். மைலோ கணக்கும் இப்போ செல்லாது. உலக மல்யுத்த அமைப்பின் போட்டிகளில் 2018-லிருந்து மோதுற அன்னைக்குக் காலையிலேயே எடை எடுக்கிறாங்க. வத்திப்போன உடம்போடதான் பாய்க்கு வரணும்.

பட்டர்வொர்த் அக்கா, சதவீதத்தை விடுங்க. நாலு மாசம் வரலைன்னா உடம்புக்குச் சாப்பாடு பத்தலைன்னு அர்த்தமா இருக்கலாம், எலும்பும் பலவீனமாகும். மாஸ்டர் சொன்னது தப்பு. இந்த வாரமே டாக்டர் கிட்ட கூட்டிட்டுப் போங்க. அது வரைக்கும் அவ எடை குறைக்க வேண்டாம்.

ஜெலுத்தோங் ஜிம்காரர்

மடிப்பைக் கிள்ளிப் பார்க்கிறதெல்லாம் பழைய முறை. ஜிம்மில் இருக்கிற மெஷின் மேல வெறுங்காலோட நில்லுங்க, அஞ்சு வினாடியில் சொல்லிடும். என் தம்பி மகனுக்கு 9 காட்டிச்சு. அதோட காலையில் வெதுவெதுப்பான தண்ணியில் எலுமிச்சை, இரவில் சோறு இல்லாம ரெண்டு சப்பாத்தி, வாரத்தில் மூணு நாள் நீச்சல், ஞாயிற்றுக்கிழமை மட்டும் ரொட்டி சானாய், அதுவும் ஒண்ணு. சீனி அறவே வேண்டாம், தேத்தாரிக்கும் வேண்டாம். மூணே மாசத்தில் கொழுப்பு போயிடும், கோச் தானா ஒத்துக்குவார்.

முன்னாள் வீரர், பிரிக்ஃபீல்ட்ஸ்

அந்த மெஷின் உடம்புக்குள்ள லேசா மின்சாரம் விட்டு, தண்ணி எவ்வளவுன்னு ஊகிச்சுத்தான் கொழுப்பைச் சொல்லுது. முந்தின ராத்திரி ஓடிட்டு நின்னா ஒரு எண், தண்ணி குடிச்சிட்டு நின்னா இன்னொரு எண். அதே சமயம் மடிப்பு அளவும் தெய்வ வாக்கு இல்லைன்னு ஒத்துக்கிறேன். கிள்ளுற கை மாறினாலே எண் மாறும். 13-க்குப் பதிலா 10 வந்தா இந்தப் பையனுக்கு 56.1 ஆகும், 16 வந்தா 52.4. அதனால ஒரே ஆள், ஒரே பக்கம், மூணு தடவை அளக்கணும். செந்தூல் அண்ணே, கோச் மூணு தடவை எடுத்தாரா?

செந்தூல் அப்பா

எடுத்தார். ஒவ்வொரு இடத்திலும் மூன்று தடவை, பக்கத்தில் ஒரு தம்பி எழுதிக்கொண்டே இருந்தார். மூன்றும் ஒன்றுக்கொன்று நெருக்கமாகத்தான் வந்தன.

51 பற்றி இனிப் பேச மாட்டேன். 55-க்கு 54.3 இடம் கொடுக்கிறது என்று மகனைச் சமாதானப்படுத்தியிருந்தேன். நேற்று கோச் கூப்பிட்டு வேறு ஒன்றைக் காட்டினார். 58-ல் 1.5 சதவீதம் 870 கிராம். மூன்று கிலோ இறங்க மூன்றரை வாரம் பிடிக்கும். போட்டிக்குச் சரியாக மூன்று வாரம்தான் இருக்கிறது. "அன்னைக்கு 55.4 இருப்பான் சார். மிச்ச 400 கிராமைத் தண்ணியில் எடுக்க நான் விட மாட்டேன். 60-ல் இறங்கட்டும், இல்லாட்டி அடுத்த போட்டிக்கு 55."

60-ல் எதிரே நிற்பவன் இவனைவிட இரண்டு கிலோ கூட இருக்கலாம். மகன் இறங்குகிறேன் என்கிறான். அவன் அம்மா வேண்டாம் என்கிறாள். பிள்ளையை மேல் பிரிவில் இறக்கிய பெற்றோர் யாராவது இருந்தால் சொல்லுங்கள், பெயர் கொடுக்க வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

பிறையிலிருந்து

கணக்கு புரிஞ்சது, நன்றி. என் பையன் ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு பிரிவு மேலே இறங்கினான். முதல் சுற்றிலேயே தோத்தான், ஆனா அன்னைக்கு ராத்திரி வயிறாரச் சாப்பிட்டுத் தூங்கினான். 60-ல் யார் யார் இருக்காங்கன்னு முதல்ல கோச்கிட்ட கேளுங்க.