தலைப்பை மட்டும் படித்துவிட்டு வருகிறவர்கள்: உங்கள் அனுபவம்?

மைக்கூடு:
மாடி சோலார் பிரோஷர், ஏ4-இல் மூன்று மடிப்பு. அட்டையில் “3 கிலோவாட் சோலார், மானியம் போக ரூ.1,12,000 மட்டுமே”. வந்தவர் அந்தப் பணத்தை எண்ணி மேசையில் வைத்துவிட்டார். முதலில் 1,90,000 கட்ட வேண்டும், பொருத்தி முடித்த பிறகுதான் 78,000 அவர் வங்கிக் கணக்குக்கு வரும் என்பது உள்ளே மூன்றாவது பத்தியில் கிடந்தது. அவர் பத்தியே படிக்கவில்லை.

உள்தலைப்புகளோ “எங்களைப் பற்றி”, “ஏன் சோலார்?”, “எங்கள் சேவைகள்”. எந்தக் கடைக்கும் ஒட்டும். மாற்றிய பிறகு: “முதலில் 1,90,000, பிறகு 78,000 உங்கள் கணக்கில்”, “300 சதுர அடி வெயில் படும் மாடி போதும்”. சிரிக்கும் குடும்பப் படம் போய் இன்வெர்ட்டர் படம் வந்தது. அடியில்: “கரண்ட் போனால் இதுவும் நின்றுவிடும். பேட்டரி இந்த விலையில் சேராது.”

கோவைக்காரன்:
இவ்வளவு நீளமா? தலைப்பு என்றால் மூன்றே சொல். மீதியைப் படம் சொல்லும்.

லேஅவுட் செல்வி:
படம் சொல்லாது கோவைக்காரரே. இன்வெர்ட்டர் வெறும் பெட்டி. கரண்ட் போனால் நிற்கும் என்று அதைப் பார்த்து யாருக்குத் தெரியும்? நீளம் பற்றிச் சொன்னதில் பாதி சரி. ஒரு பக்கம் பத்து செ.மீ. அகலம்கூட இல்லை, தமிழ்த் தலைப்பு இரண்டு வரியாக உடையும். நமக்கு வினை கடைசியில் வருவதால், முதல் வரியோடு போகிறவர் கைக்கு ஒன்றும் சிக்காது. அதனால் எண்ணும் பொருளும் முதல் வரியிலேயே நிற்கட்டும்.

சோதிக்க ஒரு வழி. தலைப்புகளையும் பட அடிக்குறிப்புகளையும் மட்டும் வேறு தாளில் தட்டச்சு செய்து, விஷயம் தெரியாத ஒருவரிடம் கொடுங்கள். என்ன விற்கிறார்கள், யாருக்கு ஆகும், கையிலிருந்து எவ்வளவு போகும், அடுத்து யாரைக் கூப்பிடுவது என்று கேளுங்கள். அவர் தடுமாறும் இடத்தில் தலைப்பு ஒன்று குறைகிறது. எல்லாம் சரியாகச் சொல்லிவிட்டு விலையை மட்டும் தப்பாகச் சொன்னால் அதுதான் மோசம், மேலே நடந்தது அதுவே.

மடிப்பையும் பாருங்கள். அட்டையைத் திறந்ததும் உள் இடப்பக்கமும் உள்ளே மடிந்திருக்கும் பக்கமும் சேர்ந்து தெரியும். மடிந்த பக்கத்தில் “இதன் தொடர்ச்சி” மாதிரித் தலைப்பு வைத்தால் எதன் தொடர்ச்சி என்றே புரியாது.

புது அச்சகம்:
எங்கள் பல் மருத்துவமனை பிரோஷருக்கு 130 ஜிஎஸ்எம் போதுமா, 170 போடலாமா?

கோவைக்காரன்:
170 போடுங்க, மடிக்கும் முன் மடிப்புக் கோட்டை அழுத்தி எடுக்கச் சொல்லுங்க, இல்லேன்னா மை வெடிக்கும். செல்வி, “நின்றுவிடும்” என்று படத்தடியில் போட்டால் எவன் வாங்குவான்?

மைக்கூடு:
போட்ட பிறகு விசாரித்து வருகிறவர்கள் குறைந்தார்கள், உண்மைதான். பேட்டரி கேட்டுச் சண்டை போடுகிறவர்களும் இல்லை. கடைக்காரர் இன்னும் அந்த வரியை எடுக்கச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்.