ஏழு மணிக்கு மேல் படுத்துவிடும் கேபிள் நெட்: எங்கள் தெருவில் நடந்தது

காரைக்குடி உறுப்பினர்:
எங்கள் தெருவில் கேபிள் டிவிக்காரர் கொடுக்கும் இன்டர்நெட்தான். தெருமுனைப் பெட்டி வரைக்கும் ஃபைபர் வருகிறது, அங்கிருந்து வீட்டுக்குப் பழைய டிவி கேபிள். காலையில் டவுன்லோடு 60 எம்பிபிஎஸ், அப்லோடு 6 வரும். ராத்திரி எட்டரைக்கு டவுன்லோடு 7, அப்லோடு அரை எம்பிபிஎஸ்கூட நிற்காது. பிங் 20 மில்லி செகண்டிலிருந்து 350க்கு ஏறிவிடும். மகள் அமெரிக்க நேரத்துக்கு வேலை பார்க்கிறாள், மீட்டிங்கில் அவள் பேசுவது அந்தப் பக்கம் துண்டு துண்டாகத்தான் கேட்கிறது. பக்கத்து வீட்டில் நாலு கேமரா மாட்டி ராப்பகலாக கிளவுடுக்கு அனுப்புகிறார்கள், அதனால்தான் என்று நினைத்து அவர்களிடம் கொஞ்சம் கடுமையாகவே பேசிவிட்டேன். வேறு யாருக்காவது இப்படி இருந்ததா?

பள்ளத்தூர் உறுப்பினர்:
அண்ணே, அது வைஃபைதான். நம்ம வீட்டுச் சுவர் கனத்துக்கு முகப்பில் ரூட்டர் வைத்தால் இரண்டாங்கட்டுக்குச் சிக்னல் போகவே போகாது. நான் ஒயர் இழுத்தேன், சரியாகிவிட்டது.

காரைக்குடி உறுப்பினர்:
ஒயரில்தான் பார்த்தேன் தம்பி. மேலும், சுவர் காலையிலும் அதே கனம்தானே இருக்கிறது.

கேபிள் லைனில் பதினைந்து வருஷம் வேலை பார்த்தவர்:
அப்லோடு அரைக்கு வந்ததும் பிங் ஏறியதும்தான் துப்பு. உங்கள் பெட்டியில் தொங்கும் எல்லா வீட்டுக்கும் மேலே போகிற பாதை ஒன்றுதான். ஒவ்வொரு மோடமும் ‘நான் அனுப்பட்டுமா’ என்று கேட்டு, ஆபீஸில் இருக்கும் மெஷின் நேரம் ஒதுக்கிய பிறகுதான் அனுப்ப முடியும். கூட்டம் சேர்ந்தால் அந்தக் கேள்விகளே ஒன்றோடொன்று மோதித் திரும்பக் கேட்க வேண்டியிருக்கும். டவுன்லோடு ஏன் விழுகிறது என்றால், வந்த பாக்கெட்டுக்கு ‘கிடைத்தது’ என்று உங்கள் பக்கத்திலிருந்து பதில் போனால்தான் அங்கிருந்து அடுத்தது வரும், அந்தப் பதிலும் இதே வரிசையில்தான் நிற்கிறது.

ஆனால் பக்கத்து வீட்டுக்காரரை உடனே குற்றம் சொல்லாதீர்கள். விடியற்காலை ஐந்து மணிக்கு, யாரும் நெட்டைத் தொடாத நேரத்தில், பிரவுசரில் 192.168.100.1 போட்டு மோடம் பக்கத்தைத் திறந்து, Upstream என்ற இடத்தில் Modulation, அதாவது சிக்னல் அனுப்பும் முறை, என்ன காட்டுகிறது என்று பாருங்கள். சில மோடத்தில் அது தெரியாது.

காரைக்குடி உறுப்பினர்:
பார்த்தேன். QPSK. மாலையிலும் அதேதான்.

கேபிள் லைனில் வேலை பார்த்தவர்:
அப்படியென்றால் விஷயம் வேறு. 6.4 மெகாஹெர்ட்ஸ் சேனல் ஒன்று 64QAM என்ற வேகமான முறையில் ஓடினால் தெரு முழுமைக்கும் சுமார் 30 எம்பிபிஎஸ் கொள்ளும். இரைச்சலைத் தாங்கும் மெதுவான முறையான QPSK-க்கு இறங்கினால் 10தான், அதிலும் கையில் கிடைப்பது கொஞ்சம் குறைவு. வெளியிலிருந்து வேண்டாத சிக்னல் புகுந்து லைனில் இரைச்சல் இருந்தால் ஆபீஸ் மெஷின் இப்படி இறக்கி வைத்துவிடும். பகலில் நாலு பேர் இருக்கும்போது 10 போதும், அதனால் யாருக்கும் தெரியாது. மாலையில் எல்லோரும் வீட்டுக்கு வந்ததும் தெரிந்துவிடும். மேலே போகிற பாதை 5 மெகாஹெர்ட்ஸில் ஆரம்பிக்கும் தாழ்ந்த அலைவரிசை, மோட்டார் பொறி, ரேடியோ எல்லாம் உலவுகிற இடம். எந்த வீட்டில் இரைச்சல் புகுந்தாலும் பெட்டியில் வந்து ஒன்றாய்ச் சேரும், ஒரு வீடு போதும் தெருவையே கெடுக்க. உங்கள் தெருவில் பூட்டிக் கிடக்கும் வீடு எத்தனை?

காரைக்குடி உறுப்பினர்:
ஆறு. எல்லோரும் வெளிநாட்டிலோ சென்னையிலோ, கல்யாணத்துக்கு மட்டும்தான் வந்து திறப்பார்கள்.

தேவகோட்டை ஆச்சி:
எங்க வீட்டுக்கு ஃபைபரே உள்ள வருதுப்பா, எனக்கும் ராத்திரி சீரியல் சுத்துது. நானும் இந்த நம்பரைப் போட்டுப் பார்க்கணுமா?

கேபிள் லைனில் வேலை பார்த்தவர்:
வேண்டாம் ஆச்சி, உங்களுடையது வேறு லைன். ஃபைபரிலும் பல வீட்டுக்குப் பங்கு உண்டு, ஆனால் இந்த இரைச்சல் அதில் புகாது.

காரைக்குடி உறுப்பினர், மூன்று வாரம் கழித்து:
லைன்மேனைக் கூட்டிக்கொண்டு ஆறு வீட்டையும் சுற்றினேன். அவர் பெட்டியில் மீட்டரை மாட்டி ஒவ்வொரு கேபிளாகக் கழற்றிப் பார்த்தார், நாலாவதைக் கழற்றியதும் இரைச்சல் பொத்தென்று விழுந்தது. மூன்றாவது பூட்டிய வீட்டுக்குப் போகிற கேபிள் அது. டிவியை எப்போதோ எடுத்துப் போயிருக்கிறார்கள், கேபிள் திண்ணை ஓரத்தில் அப்படியே வாய் திறந்து தொங்குகிறது, நுனியில் கனெக்டர் பச்சை பூத்து, மேலே பின்னியிருக்கும் கம்பியெல்லாம் உதிர்ந்துபோய். ஆன்டெனா மாதிரி இருந்திருக்கிறது. பெட்டியிலேயே அதைத் துண்டித்து, அந்த வாயில் டெர்மினேட்டர் போட்டு மூடினார். மறுநாள் காலை 64QAM.

இப்போது எட்டரைக்கு அப்லோடு 4 வருகிறது, பிங் 40க்குள். பக்கத்து வீட்டு அண்ணியிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். ஞாயிறு ராத்திரி மட்டும் இன்னும் ஒன்றரைக்கு இறங்குகிறது, அப்போதும் 64QAM-தான் காட்டுகிறது.

கேபிள் லைனில் வேலை பார்த்தவர்:
அது நிஜமான கூட்டம். பெட்டியை இரண்டாகப் பிரித்தால்தான் தீரும், அது ஆபரேட்டர் செலவு. ஒரு பெட்டியில் எத்தனை வீடு என்று கேட்டுப் பாருங்கள்.

காரைக்குடி உறுப்பினர்:
கேட்டேன், இன்னும் பதில் இல்லை.