படத்தில் உள்ள வெள்ளை முக்கோணங்களுக்கு என்ன பொருள்? நாளை வகுப்பு

புதிய பழகுநர்: வணக்கம். படத்தைப் பாருங்கள். வலப்பக்கம் பிரியும் கிளைச் சாலையின் வாயில் வெள்ளை முக்கோணங்கள் வரிசையாக இருக்கின்றன. கூர்முனைகள் கிளைச் சாலையின் உட்பக்கம் நோக்கியுள்ளன. அங்கே நான் திரும்பலாமா, கூடாதா? அவசரம்.

வழித்துணை: எந்த நாடு? வண்டிகள் வலப்பக்கம் ஓடுகின்றனவா, இடப்பக்கமா? படத்தை எங்கே நின்று எடுத்தீர்கள்?

நாற்சந்தி: முக்கோணமும் அம்புதானே. கூர்முனை காட்டும் பக்கம் போகச் சொல்கிறது. கம்பத்தில் உள்ள மஞ்சள் சாய்சதுரம் எச்சரிக்கைப் பலகை. உள்ளே இருந்த படம் அழிந்திருக்கும்.

மூத்த ஓட்டுநர்: கையேட்டின் முதல் பத்துப் பக்கங்களைக் கூடப் புரட்டாமல் கேட்கிறீர்கள். இதற்கெல்லாம் இழை தேவையா?

புதிய பழகுநர்: கையேட்டில் எல்லாப் படமும் எதிரே நின்று பார்ப்பதுபோல் இருக்கிறது ஐயா, அதனால்தான் குழப்பம். வண்டிகள் வலப்பக்கம் ஓடுகின்றன. பிரதான சாலையில் நின்று எடுத்தேன்.

வழித்துணை: முக்கோணங்கள் கிளைச் சாலையின் முழு அகலத்துக்கும் இருக்கின்றனவா?

புதிய பழகுநர்: இல்லை. தொலைவில் உள்ள பாதியில் மட்டும். எனக்கு அருகில் உள்ள பாதி வெறுமையாக இருக்கிறது.

வழித்துணை: அப்படியானால் அது உங்களுக்கான குறியே அல்ல. யார் வழிவிட வேண்டுமோ அவரை நோக்கித்தான் கூர்முனை இருக்கும். கிளைச் சாலையிலிருந்து வருபவர் தம் வலப்பாதியில் வருகிறார், அதுதான் உங்களுக்குத் தொலைவான பாதி. நீங்கள் நுழையும் பாதியில் முக்கோணம் இல்லாததும் அதனால்தான். அந்த மூலையில் சாம்பல் நிறப் பலகை ஒன்று தெரிகிறதே, அது வழிவிடச் சொல்லும் தலைகீழ் முக்கோணப் பலகையின் முதுகு. அந்த வடிவத்தையும் நிறுத்தப் பலகையின் எண்கோணத்தையும் பின்னாலிருந்தே அடையாளம் காணலாம். மஞ்சள் சாய்சதுரத்துக்கு வெள்ளை விளிம்பு இருந்து, உள்ளே படம் இல்லையென்றால், சாலைக் குறிகள் பற்றிய 1968 வியன்னா உடன்படிக்கையைப் பின்பற்றும் நாடுகளில் நீங்கள் முன்னுரிமைச் சாலையில் இருக்கிறீர்கள் என்று பொருள்.

நாற்சந்தி: படம் போட்ட மஞ்சள் சாய்சதுரம் எச்சரிக்கைதான், சில நாடுகளில். வெற்றுச் சதுரம் வேறு என்பது எனக்குத் தெரியாது.

மழைக்கால வண்டி: என்னைத் தேர்வில் தோற்கடித்ததும் ஒரு பலகைதான். எண்கோணத்தின் முன் மெல்ல உருண்டு போனேன். சக்கரம் முழுதாக நிற்கவில்லை என்றார்கள். முக்கோணத்திலும் நின்றே போங்கள்.

வழித்துணை: முக்கோணத்தில் சாலை காலியாக இருந்தால் நிற்க வேண்டியதில்லை. காரணமின்றி நின்றால் பின்னால் வருபவர் மோதக்கூடும்.

மூத்த ஓட்டுநர்: பழகுநர் நின்று பார்ப்பதே நல்லது. வேகத்தில் பார்த்தால் சைக்கிள்காரர் கண்ணில் படமாட்டார்.

மழைக்கால வண்டி: அதைத்தான் நானும் சொல்கிறேன்.

வழித்துணை: வேகத்தைக் குறைப்பது வேறு, நிற்பது வேறு. பழகுநரே, திரும்பும்போது கிளைச் சாலையைக் கடக்கும் பாதசாரிக்கு நீங்கள் வழிவிட வேண்டும். உங்கள் முன்னுரிமை அவர்மீது செல்லாது. சந்திப்பில் விளக்கு இயங்கினால் இந்தப் பலகைகளுக்கு மேல் விளக்குதான்.

புதிய பழகுநர்: படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சாம்பல் முக்கோணம் முதுகுதான், சதுரத்துக்கு வெள்ளை விளிம்பும் இருக்கிறது. நன்றி.