ஏகாதசியன்று சம்பந்தி வீட்டில் உணவை எப்படி மறுப்பது?

வரும் ஏகாதசியன்று மன்னார்குடிக்கு அருகிலுள்ள சம்பந்தி வீட்டுக்குச் சென்று ஓர் இரவு தங்க வேண்டியிருக்கிறது. அன்று அரிசி, கோதுமை, ரவை, பருப்பு எதுவும் நான் சேர்ப்பதில்லை.

சென்ற முறை இலை போட்ட பிறகே விரதம் என்று சொன்னதால், சம்பந்தியம்மாள் முகம் வாடி, பலகாரம் ஆகுமே என்று அவசரமாக ரவை உப்புமா கிளறி வந்தார். போதும் என்று இலைமேல் கையை விரித்தும், விரலிடுக்கில் இன்னொரு கரண்டி விழுந்தது. மறுக்க மனம் வரவில்லை, விரதம் முறிந்தது.

இம்முறை முன்தினமே தொலைபேசியில், "எனக்குப் பாலும் இரண்டு பூவன் பழமும் போதும், துவாதசிப் பாரணைக்கு உங்கள் கையால் அகத்திக்கீரையும் நெல்லிக்காய்ப் பச்சடியும் வேண்டும்" என்று சொல்ல நினைக்கிறேன். சம்பந்தி முறையில் இப்படிக் கேட்கலாமா? பந்தியில் இலையில்லாமல் உடன் அமர்வது அவர்களை வருத்துமா? அனுபவமுள்ளவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.